ஓ.பி.ஆர். குறைந்தது, தவணை ஏன் இருபது வெள்ளிதான் குறைந்தது?

லாபிஸ் – கடந்த ஜூலை 9, 2025 அன்று பேங்க் நெகாரா மலேசியா, ஓ.பி.ஆர். எனப்படும் கொள்கை வட்டி விகிதத்தை 3.00 விழுக்காட்டிலிருந்து 2.75 விழுக்காட்டுக்குக் குறைத்தது. 2020ஆம் ஆண்டு கோவிட் காலத்துக்குப் பிறகு நடந்த முதல் வட்டிக் குறைப்பு இது. செய்தி வெளிவந்த மறுநாளே ஒரு கேள்வி எழுந்தது: "பேங்க்கு நமக்கு எப்போ குறைக்கும்? நாமே போய்க் கேட்கணுமா?"

லாபிஸ், சாஆ, பெக்கோக் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குத் தனிப் பொருள் உண்டு. தோட்டத்து லயத்தை விட்டு வெளியேறி, சேமநிதிப் பணத்தையும் பிள்ளைகளின் சம்பளத்தையும் சேர்த்து, தாமானில் ஒரு வரிசை வீடு வாங்கிய குடும்பங்கள் இங்கே பல. அவர்களின் மாதச் செலவில் பெரும் பங்கு வீட்டுத் தவணைதான். அந்தத் தவணை குறையுமா, எவ்வளவு குறையும், எதைக் கேட்டால் கிடைக்கும், எதைக் கேட்டாலும் கிடைக்காது என்பதைப் பார்ப்போம்.

முதலில், உங்கள் கடன் எந்த வகை?

வட்டிக் குறைப்பு எல்லாக் கடனுக்கும் பொருந்தாது. மாறும் வட்டிக் கடனுக்கு மட்டுமே பொருந்தும். பெரும்பாலான வங்கி வீட்டுக் கடன்கள் இந்த வகை.

கார் கடன் வேறு. வாடகைக் கொள்முதல் முறையில் எடுத்த கார், மோட்டார் சைக்கிள் கடன்கள் வழக்கமாக நிலையான வட்டியில் இருப்பவை. தவணைப் புத்தகத்தில் எழுதிய தொகை கடைசி வரை அதேதான். சம்பளத்தில் பிடிக்கப்படும் தனிநபர் கடன்களிலும் பல நிலையான வட்டியே. அரசாங்க ஊழியர்கள் எல்.பி.பி.எஸ்.ஏ. மூலம் எடுக்கும் வீட்டுக் கடனின் விகிதம் ஆண்டுக்கு 4 விழுக்காடு என நிலையானது. அதை வைத்திருக்கும் ஆசிரியர், தாதியர் குடும்பங்களுக்கு ஜூலை அறிவிப்பால் மாற்றம் எதுவும் இல்லை. அதே போல ஓ.பி.ஆர். ஏறியபோதும் அவர்களுக்குத் தவணை ஏறவில்லை.

உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ள, வங்கி கொடுத்த சூராட் தாவாரான், அதாவது கடன் ஒப்புதல் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். அதில் வட்டி என்ற இடத்தில் மூன்றில் ஒன்று இருக்கும். 2015 ஜனவரிக்கு முன் எடுத்த கடன் என்றால் "பி.எல்.ஆர். கழித்தல் இவ்வளவு" என்று இருக்கும். 2015 ஜனவரியிலிருந்து 2022 ஜூலை வரை எடுத்ததென்றால் "பி.ஆர். கூட்டல் இவ்வளவு". 2022 ஆகஸ்ட் 1க்குப் பின் எடுத்ததென்றால் "எஸ்.பி.ஆர். கூட்டல் இவ்வளவு". இஸ்லாமிய முறைக் கடனாக இருந்தால் பி.எல்.ஆர். இடத்தில் பி.எஃப்.ஆர். என்று இருக்கும். இவற்றில் எது இருந்தாலும் அது மாறும் விகிதம்தான்.

இஸ்லாமிய முறைக் கடன் வைத்திருப்போர் ஒப்பந்தத்தில் 10 விழுக்காட்டுக்கும் மேலான உச்ச விகிதத்தையும், அதை வைத்துக் கணக்கிட்ட பெரிய விற்பனை விலையையும் பார்த்து மிரள்வது உண்டு. அது மேல் வரம்பு மட்டுமே. நடப்பு விகிதத்துக்கும் அந்த உச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வங்கி தள்ளுபடியாகக் கழித்துவிடும். ஆகவே ஓ.பி.ஆர். குறைந்தால் அவர்களுக்கும் குறையும்.

கேட்காமலேயே வரும் பகுதி

தமிழ்நாட்டில் இருக்கும் உறவினர்கள், "வங்கிக்குப் போய் மனு கொடுத்து, கட்டணம் கட்டி, வேறு விகிதத்துக்கு மாறினால்தான் குறையும்" என்று சொல்லக்கூடும். அவர்கள் சொல்வது அங்கே உண்மை. இந்தியாவில் 2019 அக்டோபருக்கு முன் எடுத்த பல கடன்கள் பழைய முறையிலேயே தொடர்கின்றன. ரெப்போ விகிதத்தோடு நேரடியாக இணைந்த புதிய முறைக்கு மாற, கடன் வாங்கியவர்தான் கேட்க வேண்டும். அந்த அறிவுரை இங்கே பொருந்தாது.

இங்கேயும் ஒரு காலத்தில் வங்கி விருப்பம்தான். 2016 ஜூலையில் ஓ.பி.ஆர். 3.25இலிருந்து 3.00க்குக் கால் விழுக்காடு குறைந்தபோது, மேபேங்க் தன் பி.ஆர். விகிதத்தை 3.20இலிருந்து 3.00க்கு, அதாவது 0.20 மட்டுமே குறைத்தது. மீதி 0.05 வாடிக்கையாளருக்கு வரவில்லை. அதில் விதிமீறல் எதுவும் இல்லை. பி.ஆர். என்பது அந்தந்த வங்கி பணம் திரட்டும் செலவைப் பொறுத்து அமைந்தது, ஓ.பி.ஆர். அதில் ஒரு பகுதி மட்டுமே.

2022 ஆகஸ்ட் 1 முதல் பேங்க் நெகாரா இதை மாற்றியது. எஸ்.பி.ஆர். என்ற ஒரே விகிதம் எல்லா வங்கிக்கும் பொது; அது ஓ.பி.ஆர். எவ்வளவோ அவ்வளவே. பழைய பி.ஆர்., பி.எல்.ஆர். இரண்டும் எஸ்.பி.ஆர். எந்த அளவு ஏறுகிறதோ இறங்குகிறதோ, அதே அளவு ஏறி இறங்க வேண்டும். அதனால்தான் 2025 ஜூலையில் மேபேங்க் பி.எல்.ஆர். 6.65இலிருந்து 6.40க்கு, முழுக் கால் விழுக்காடும் இறங்கியது. வங்கிக்கு வங்கி எண் வேறுபடும். இறங்கிய அளவு ஒன்றே.

ஆகவே இந்தக் கால் விழுக்காட்டுக்கு யாரும் வங்கி வாசலில் நிற்க வேண்டியதில்லை. பாரம் நிரப்ப வேண்டியதும் இல்லை. "ஓ.பி.ஆர். குறைப்புக்குப் பதிவு செய்யுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் இணைப்பு வந்து, அதில் கணக்கு எண்ணும் டேக் எண்ணும் கேட்டால், அது மோசடி. ஏற்கெனவே விவரம் கொடுத்துவிட்டால் உடனே உங்கள் வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழையுங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

லாபிஸில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். பழைய பி.எல்.ஆர். கடன். ஒப்புதல் கடிதத்தில் "பி.எல்.ஆர். கழித்தல் 2.20" என்று இருக்கிறது. மீதிக் கடன் 150,000 வெள்ளி. இன்னும் 20 ஆண்டுகள் கட்ட வேண்டும்.

வங்கியின் பி.எல்.ஆர். 6.65 ஆக இருந்தபோது அவர்கள் கட்டிய வட்டி 4.45 விழுக்காடு; மாதத் தவணை ஏறக்குறைய 945 வெள்ளி. பி.எல்.ஆர். 6.40 ஆனதும் வட்டி 4.20 விழுக்காடு, தவணை ஏறக்குறைய 925 வெள்ளி. குறைந்தது 20 வெள்ளி.

இங்கேதான் பலருக்குச் சந்தேகம் வருகிறது. 150,000 வெள்ளிக்குக் கால் விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 375 வெள்ளி; மாதத்துக்கு 31 வெள்ளி. அப்படியானால் 11 வெள்ளியை வங்கி எடுத்துக்கொண்டதா?

இல்லை. வட்டி உண்மையிலேயே மாதம் 31 வெள்ளி குறைகிறது. ஆனால் தவணை என்பது வட்டியும் அசலும் சேர்ந்தது. அதே 20 ஆண்டில் கடன் முடியும்படி தவணையைத் திரும்பக் கணக்கிடும்போது, அதில் அசலின் பங்கு தொடக்கத்தில் 11 வெள்ளி கூடுகிறது. அந்தப் பணம் உங்கள் கடனைத்தான் குறைக்கிறது. ஆகவே வங்கி சரியாகக் குறைத்ததா என்று பார்க்கத் தவணையை மட்டும் பார்த்தால் போதாது. கணக்கு அறிக்கையில் வட்டி என்று போட்டிருக்கும் தொகையைப் பார்க்க வேண்டும்.

அதற்கு எளிய வழி இருக்கிறது. மீதிக் கடனை வட்டி விகிதத்தால் பெருக்கி, 365ஆல் வகுத்து, மாதத்தின் நாள்களால் பெருக்குங்கள். மேலே சொன்ன கடனுக்கு 4.45 விழுக்காட்டில் 30 நாள் வட்டி ஏறக்குறைய 549 வெள்ளி, 4.20இல் 518 வெள்ளி. ஜூலை மாத அறிக்கை இரண்டுக்கும் இடையில் ஒரு தொகையைக் காட்டும். மாதத்தின் ஒரு பகுதி பழைய விகிதத்தில் ஓடியதால் அப்படி. அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆகஸ்ட் முழு மாதமும் புதிய விகிதம். ஆகஸ்ட் 31 நாள் என்பதால் வட்டி 535 வெள்ளி வரும். அதற்கு வெகு மேலே, பழைய விகிதக் கணக்குக்குப் பக்கத்தில் இருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா?

வட்டி குறையும்போது அந்த நன்மை உங்களுக்கு இரண்டு வழியில் வரலாம். ஒன்று, தவணை குறையும். காலம் அப்படியே இருக்கும். மற்றொன்று, தவணை அப்படியே இருக்கும். கடன் சீக்கிரம் முடியும். உங்கள் வங்கி எதைச் செய்திருக்கிறது என்பது அது அனுப்பிய கடிதத்திலோ செயலி அறிவிப்பிலோ இருக்கும்.

மேலே சொன்ன குடும்பம் 925 வெள்ளிக்கு மாறினால், விகிதம் இனி மாறாது என்று வைத்துக்கொண்டால், 20 ஆண்டில் மிச்சம் ஏறக்குறைய 4,800 வெள்ளி. பழைய 945 வெள்ளியையே தொடர்ந்து கட்டினால் கடன் 8 மாதம் முன்னதாக முடியும். மிச்சம் ஏறக்குறைய 7,400 வெள்ளி.

கையில் பணம் நெருக்கடியாக இருக்கும் குடும்பத்துக்கு மாதம் 20 வெள்ளி என்பது அரை மூட்டை அரிசிக்கு உதவும். அவர்களுக்குத் தவணைக் குறைப்பே சரி. வங்கி பழைய தவணையையே வைத்திருந்தால், குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். சமாளிக்க முடிந்தவர்களுக்குப் பழைய தவணையே ஆதாயம்.

ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. வங்கி தவணையை 925 ஆக்கிவிட்டது. உங்கள் சம்பளக் கணக்கிலிருந்து நிலையான உத்தரவு மூலம் 945 தொடர்ந்து போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாகப் போகும் 20 வெள்ளி தானாகவே அசலில் கழியும் என்று நினைக்காதீர்கள். சாதாரண தவணைக் கடன்களில் அது முன்பணமாக ஒதுங்கி நிற்கலாம். அப்படி நின்றால் வட்டி குறையாது. நெகிழ்வுக் கடன் என்றால் பெரும்பாலும் உடனே மீதியைக் குறைத்துவிடும். உங்களுடையது எது என்று வங்கியில் கேட்டு, கூடுதல் தொகையை அசலில் கழிக்கச் சொல்லி எழுத்து மூலம் கொடுப்பது பாதுகாப்பு.

கேட்டால் மட்டுமே வரும் பகுதி

ஓ.பி.ஆர். குறைப்பு தானாக வந்துவிடுகிறது என்றால், வங்கியிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது? பி.எல்.ஆர். கழித்தல் 2.20 என்பதில் அந்த 2.20 இருக்கிறது. பி.ஆர். கூட்டல், எஸ்.பி.ஆர். கூட்டல் என்று வரும் அந்தக் கூட்டல் எண் இருக்கிறது. அது கடன் எடுத்த நாளில் உங்களுக்கும் வங்கிக்கும் இடையே முடிவானது. ஓ.பி.ஆர். எத்தனை முறை ஏறி இறங்கினாலும் அது நகராது. கடனை ஒழுங்காகக் கட்டி வருபவருக்கு வங்கி அதை நினைத்தபடி உயர்த்த முடியாது என்பது இதன் நல்ல பக்கம். வங்கிகள் போட்டியிட்டுப் புதியவர்களுக்குக் குறைத்துக் கொடுக்கும்போது, பழையவருக்கு அது தானாகக் குறையாது என்பது மறுபக்கம்.

எடுத்துக்காட்டாக, இன்று அதே வங்கியில் புதிதாகக் கடன் எடுப்பவருக்கு எஸ்.பி.ஆர். கூட்டல் 1.20, அதாவது 3.95 விழுக்காடு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் குடும்பம் 4.20 கட்டுகிறது. "பி.எல்.ஆர். கழித்தல் 1.80" என்று இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் 4.60 கட்டுகிறார். மூவருக்கும் ஓ.பி.ஆர். குறைப்பு முழுதாக வந்தாகிவிட்டது. ஆனாலும் பத்து, பதினைந்து ஆண்டு ஒரு மாதம் தவறாமல் கட்டியவரே அதிகம் கட்டுகிறார். விதிப்படி இதில் தவறில்லை. வங்கி இதை எழுதி அறிவிக்கவும் போவதில்லை. வாடிக்கையாளர்தான் கேட்க வேண்டும்.

வேறு வங்கிக்கு மாறலாமே என்பார்கள். அதற்குச் செலவு உண்டு. 150,000 வெள்ளி கடன் ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை 0.5 விழுக்காடு, அதாவது 750 வெள்ளி. வழக்கறிஞர் கட்டண அளவுகோல் முதல் 500,000 வெள்ளிக்கு 1.25 விழுக்காடு, ஆக 1,875 வெள்ளி. இவை மட்டுமே 2,625 வெள்ளி. சேவை வரி, வீட்டு மதிப்பீட்டுக் கட்டணம், பழைய அடமானத்தை விடுவிக்கும் செலவு ஆகியவை தனி.

4.20 கட்டும் குடும்பம் 3.95க்கு மாறினால் மாதம் ஏறக்குறைய 20 வெள்ளி மிச்சம். செலவை மீட்கவே 11 ஆண்டு ஆகும். மாறுவதில் பொருளில்லை. 4.60 கட்டும் பக்கத்து வீட்டுக்காரருக்கு, மீதிக் கடனும் காலமும் அதே என்றால், மாதம் 52 வெள்ளி மிச்சம். நான்கு ஆண்டுக்குக் கொஞ்சம் கூடுதலான காலத்தில் செலவு மீண்டுவிடும். அவர் யோசிக்கலாம். கடன் முடிய ஐந்தாறு ஆண்டே இருப்பவர்களுக்கும், மீதி 50,000 வெள்ளிக்குக் கீழ் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் மாறுவது வீண். புதிய வங்கி கடனை மீண்டும் 30 ஆண்டுக்கு நீட்டித் தவணையைக் குறைத்துக் காட்டினால், அது மிச்சம் அல்ல, கூடுதல் வட்டி.

ஆகவே முதலில் தட்ட வேண்டியது இருக்கும் வங்கியின் கதவைத்தான். அங்கே ஒப்பந்தம் ஏற்கெனவே இருப்பதால் செலவு குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். எனினும் துணை ஒப்பந்தம் வேண்டுமா, கட்டணம் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

எப்படிக் கேட்பது?

கவுன்டரில் நின்று வாயால் கேட்டால் "எச்.கியூ. முடிவு" என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கும். ஒரு பக்கக் கடிதம் அல்லது மின்னஞ்சல் போதும். மலாயில் எழுதுவது நல்லது. கடன் கணக்கு எண், மீதித் தொகை, இப்போதைய விகிதம், எத்தனை ஆண்டாகத் தவறாமல் கட்டுகிறீர்கள் என்பதை எழுதுங்கள். பிறகு மூன்று கேள்விகள். ஜூலைக்குப் பின் என் விகிதம், தவணை, முடியும் தேதி என்ன? என் கடனுக்கான வித்தியாச விகிதத்தைப் புதிய வாடிக்கையாளருக்குக் கொடுப்பதற்கு அருகில் குறைத்து மறுபரிசீலனை செய்வீர்களா, செய்தால் கட்டணம் எவ்வளவு? கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா, பூட்டுக்காலம் முடிந்துவிட்டதா?

மூன்றாவது கேள்வி, நீங்கள் வேறு வங்கிக்குப் போகத் தயாராக இருக்கிறீர்கள் என்பதை வங்கிக்குச் சொல்லாமல் சொல்கிறது. வேறு வங்கி எழுத்து மூலம் கொடுத்த விகிதம் கையில் இருந்தால் அதையும் இணையுங்கள்.

கடந்த ஓராண்டில் தவணை பாக்கி விழுந்திருந்தால், இந்தக் கோரிக்கைக்கு அது நேரமல்ல. பாக்கி வைப்பவரின் வித்தியாச விகிதத்தை உயர்த்த வங்கிக்கு இடம் உண்டு. அப்படிச் சிரமத்தில் இருப்போர் முதலில் ஏ.கே.பி.கே. அமைப்பை அணுகலாம், ஆலோசனை இலவசம்.

புகார் எங்கே எடுபடும், எங்கே எடுபடாது?

வங்கி கணக்கைத் தவறாகப் போட்டிருந்தால், கால் விழுக்காடு குறையாமல் இருந்தால், அது புகாருக்கு உரியது. முதலில் வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அதன் இறுதிப் பதில் திருப்தியில்லை என்றாலும், 60 நாளாகியும் பதிலே இல்லை என்றாலும், நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையான எஃப்.எம்.ஓ.எஸ்.க்குக் கொண்டுபோகலாம். 2025 ஜனவரி முதல் செயல்படும் இந்த அமைப்பு வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை. இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். பேங்க் நெகாராவின் பொதுச் சேவைப் பிரிவை 1-300-88-5465 என்ற எண்ணில் அழைத்தும் விளக்கம் கேட்கலாம்.

ஆனால் "புதியவருக்கு 3.95, எனக்கு மட்டும் ஏன் 4.60" என்ற புகார் அங்கே நிற்காது. என்ன விலைக்குக் கடன் கொடுப்பது என்பது வங்கியின் வணிக முடிவு. குறைதீர்ப்பாளர் அதில் தலையிடுவதில்லை. அங்கே உங்களிடம் இருக்கும் ஒரே பலம், வேறு வங்கிக்குப் போகலாம் என்பது. அந்தப் பலம் எவ்வளவு என்பதைத்தான் மேலே உள்ள கணக்கு காட்டுகிறது: மிச்சம், மாறும் செலவு, மீதி ஆண்டுகள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 2022 மே முதல் 2023 மே வரை இதே ஓ.பி.ஆர். ஐந்து முறை ஏறி, 1.75இலிருந்து 3.00 ஆனது. தானாக இறங்கும் விகிதம் தானாக ஏறவும் செய்யும். குறைந்த 20 வெள்ளியை வைத்துப் புதிய தவணை ஒன்றைத் தொடங்குவோர், அடுத்த முறை ஏறும்போது இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும்.